சர்க்கரைக்கு மாற்று இனிப்பு: எடைக் குறைப்பில் அதன் பங்கு எவ்வளவு?

உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னவுடன் பல இல்லங்களில் முதலில் நிகழும் மாற்றம் காபியில்தான். சர்க்கரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. இனிப்பு மாத்திரை அடங்கிய சிறு குப்பி அதன் இடத்திற்கு வருகிறது. குளிர்பானத்திற்குப் பதில் டயட் பானமும், வழக்கமான பிஸ்கட்டுக்குப் பதில் ‘சர்க்கரை இல்லாத’ பிஸ்கட்டும் வாங்கப்படுகின்றன. சில மாதங்களுக்குப் பின்னர் எடை பார்க்கும்போது ஒரு சிலருக்குக் குறைந்திருக்கிறது. பலருக்கு அப்படியே இருக்கிறது. சர்க்கரையையே விட்டுவிட்டோம், பின் ஏன் குறையவில்லை என்று உணவு ஆலோசனைக்கு வருவோரும் அவர்களுடன் வரும் குடும்பத்தாரும் எங்களைக் கேட்கிறார்கள்.

இதற்கான விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாற்று இனிப்பு எதுவும் உடற்கொழுப்பைத் தானாகக் கரைப்பதில்லை. அது சர்க்கரையை வெளியேற்றும்போது எவ்வளவு கலோரி மிச்சமாகிறது, அந்த மிச்சம் வேறு உணவின் வழியாகத் திரும்பி வருகிறதா என்ற இரண்டைப் பொறுத்தே பலன் அமைகிறது. இக்கட்டுரையில் அந்தக் கணக்கையும், ஆய்வுகள் இதுவரை காட்டியவற்றையும், கவனிக்க வேண்டிய ஆபத்துகளையும் விளக்குகிறோம்.

இரு வேறு குடும்பங்கள்

‘சர்க்கரை இல்லாதது’ என்ற சொற்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு வகைப் பொருள்கள் உள்ளன. இவற்றைப் பிரித்து அறிந்துகொள்வது மிக அவசியம்.

முதல் வகை, செறிவுமிக்க இனிப்பூட்டிகள். அஸ்பார்டேம், சுக்ரலோஸ், சாக்கரின், அசிசல்ஃபேம் பொட்டாசியம், சீனித்துளசியிலிருந்து எடுக்கப்படும் ஸ்டீவியா ஆகியவை இதில் அடங்கும். அஸ்பார்டேம் சர்க்கரையைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பானது. சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கு. ஆகையால் ஒரு குவளை காபிக்கு இவற்றில் சில மில்லிகிராம் போதும். அந்த அளவில் கிடைக்கும் கலோரி கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்குக் குறைவு. இனிப்பு மாத்திரைகளிலும் டயட் பானங்களிலும் பெரும்பாலும் இருப்பவை இவையே.

இரண்டாம் வகை, சர்க்கரை ஆல்கஹால்கள். சார்பிட்டால், மால்டிட்டால், சைலிட்டால், எரித்ரிட்டால் என்பன இவற்றின் பெயர்கள். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் இவற்றில் மது இல்லை, போதையும் இல்லை. வேதியியல் அமைப்பைக் குறிக்கும் பெயர் அது. இவற்றின் இனிப்பு சர்க்கரைக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருப்பதால், மில்லிகிராம் கணக்கில் அன்றி கிராம் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. இனிப்புப் பண்டம், சாக்லேட், பிஸ்கட் போன்றவற்றுக்குச் சர்க்கரை தரும் கனத்தையும் பதத்தையும் இவை தருவதால் தயாரிப்பாளர்கள் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த இரண்டாம் வகையில் கலோரி உண்டு. சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கலோரி தருகிறது. சார்பிட்டால் ஏறத்தாழ 2.6, சைலிட்டால் 2.4, மால்டிட்டால் 2.1 கலோரி தருகின்றன. எரித்ரிட்டால் மட்டும் 0.2 கலோரியோடு நின்றுவிடுகிறது. அதாவது, இவற்றுள் பெரும்பாலானவை சர்க்கரையின் கலோரியில் பாதியையோ அதற்கு மேலுமோ தருகின்றன.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம், தேன் ஆகியவை இந்த இரு குடும்பங்களிலும் சேராதவை. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திக் கருப்பட்டிக் காபிக்கு மாறினால் எடை குறையும் என்று நம்புவோர் பலர். இவை பெரும்பகுதி சர்க்கரையால் ஆனவை. கலோரியிலும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதிலும் வெள்ளைச் சர்க்கரையிலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை.

ஒரு நாளின் கணக்கு

எடுத்துக்காட்டாக, 52 வயதுடைய, 78 கிலோ எடையுள்ள ஒருவரை எண்ணிக்கொள்வோம். காலையில் காபி, முற்பகலில் தேநீர், மாலையில் காபி, இரவுக்கு முன் மீண்டும் ஒரு தேநீர் என நாளொன்றுக்கு நான்கு குவளை அருந்துகிறார். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. வீட்டில் சற்றுக் குவித்து எடுக்கும் தேக்கரண்டியில் 5 கிராம் சர்க்கரை இருக்கும். ஆக, 8 கரண்டியில் 40 கிராம்; 160 கலோரி. அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் 300 மில்லி கோலா பானம் ஒன்றும் குடிக்கிறார். அதில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ 130 கலோரி உண்டு. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 290 கலோரி.

இவர் காபி, தேநீரில் இனிப்பு மாத்திரைக்கும், கோலாவுக்குப் பதில் டயட் பானத்திற்கும் மாறினால் அந்த 290 கலோரி கிட்டத்தட்ட முழுமையாக நீங்கும். பாலின் கலோரி மட்டும் முன்புபோலவே இருக்கும். 30 நாளில் மிச்சம் 8,700 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்பதால், காகிதக் கணக்குப்படி மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகக் குறைய வேண்டும். நடைமுறையில் குறைவு இதைவிடச் சிறியதாகவே இருக்கும்; எடை குறையக் குறைய உடல் செலவிடும் ஆற்றலும் குறைவதே அதற்குக் காரணம்.

இனி, அதே மனிதர் இரண்டு சிறு மாற்றங்களைச் செய்கிறார் என்று கொள்வோம். ‘சர்க்கரையைத்தான் விட்டுவிட்டேனே’ என்ற நிம்மதியில் மாலைக் காபியுடன் ஒரு மெதுவடை சேர்த்துக்கொள்கிறார். எண்ணெய் குடித்த அளவைப் பொறுத்து அது ஏறத்தாழ 120 கலோரி. முற்பகல் தேநீருடன் ‘சர்க்கரை இல்லாத’ பிஸ்கட் நான்கு. சர்க்கரை இல்லாவிட்டாலும் மாவும் கொழுப்பும் அதில் இருப்பதால் நான்கிலும் சேர்த்து ஏறத்தாழ 150 கலோரி. கூட்டினால் 270. நீங்கிய 290 கலோரியில் மீதி இருப்பது வெறும் 20. இனிப்பு மாத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆயினும் எடை நகராது.

இப்படித் திரும்பி வரும் கலோரியைத்தான் ஈடுசெய்தல் என்கிறோம். இதற்கு எப்போதும் பசி காரணமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் கட்டுப்பாடாக இருந்ததற்கு மற்றோரிடத்தில் சலுகை எடுத்துக்கொள்ளும் மனக்கணக்கே பெரும்பாலும் காரணம். அந்த மனிதர் தவறேதும் செய்ததாக உணர்வதில்லை என்பதால் இது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

நெதர்லாந்தில் 641 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு மிகத் தெளிவானது. குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, நாள்தோறும் 250 மில்லி பானம் ஒன்று 18 மாதம் தரப்பட்டது. ஒரு குழுவின் பானத்தில் சர்க்கரை. மற்றதில் செயற்கை இனிப்பூட்டி. தமக்குக் கிடைப்பது எது என்று குழந்தைகளுக்குச் சொல்லப்படவில்லை. வளரும் வயது என்பதால் இரு குழுவினரின் எடையும் கூடியது. சர்க்கரைக் குழுவில் சராசரியாக 7.37 கிலோ கூடியபோது, மற்றக் குழுவில் 6.35 கிலோதான் கூடியது. ஒரு பானத்தின் வேறுபாடு ஒன்றரை ஆண்டில் ஏறத்தாழ ஒரு கிலோவாகத் தெரிந்தது. எந்தப் பானம் என்று அறியாததால், ‘மிச்சப்படுத்தினோம்’ என்று எண்ணி வேறொன்றை உண்ணும் மனக்கணக்கிற்கு இந்த ஆய்வில் இடமே இருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

நம் ஊருக்கு நெருக்கமான ஆய்வு சென்னையில் நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உடையோர், காபியிலும் தேநீரிலும் சேர்க்கும் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று 12 வாரம் பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எடையிலும் இடுப்புச் சுற்றளவிலும் சிறிய குறைவு காணப்பட்டது. எடைக் குறைவு அரைக் கிலோவுக்கும் குறைவு. ஆய்வில் இருந்தவர்கள் நீரிழிவு உடையோர்; அப்படிப்பட்டோர் பலர் ஏற்கெனவே சர்க்கரையைக் குறைத்தே சேர்ப்பவர்கள். நீக்குவதற்குச் சர்க்கரை குறைவாக இருக்கும்போது மாற்றுவதால் கிடைக்கும் பலனும் குறைவாகத்தான் இருக்கும். எட்டுக் கரண்டியை நீக்குபவருக்கும் இரண்டு கரண்டியை நீக்குபவருக்கும் ஒரே பலனை எதிர்பார்க்க இயலாது.

அப்படியென்றால் டயட் பானத்திற்குப் பதிலாகத் தண்ணீரே குடித்தால் என்ன? இக்கேள்விக்கு இரு ஆய்வுகள் எதிரெதிர் விடை தருகின்றன. அமெரிக்காவில் 303 பேரிடம் நடந்த ஓராண்டு ஆய்வில் டயட் பானம் குடித்தவர்கள் சராசரியாக 6.2 கிலோவும், தண்ணீருக்கு மாறியவர்கள் 2.5 கிலோவும் இழந்தார்கள். ஈரானில் எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்த பெண்களிடம் 24 வாரம் நடந்த ஆய்வில், மதிய உணவுக்குப் பின் டயட் பானம் குடித்தவர்கள் 7.6 கிலோவும், தண்ணீர் குடித்தவர்கள் 8.8 கிலோவும் இழந்தார்கள். முதல் ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்கப் பானத் தயாரிப்பாளர் சங்கம் என்பதை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். மேலும், இரு ஆய்விலும் பங்கேற்றவர்கள் டயட் பானம் குடித்துப் பழகியவர்கள். எல்லோருக்கும் முறையான உணவுத் திட்டமும் தொடர் வழிகாட்டலும் இருந்தன. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் நாங்கள் கொள்ளும் முடிவு இதுதான்: திட்டம் ஒழுங்காக இருந்தால் டயட் பானம் அதைக் கெடுத்துவிடுவதில்லை, ஆனால் தண்ணீரைவிட அது மேலானது என்று சொல்லவும் உறுதியான ஆதாரம் இல்லை. தண்ணீர் குடிப்பவர் டயட் பானத்திற்கு மாற வேண்டிய தேவை எதுவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் ‘வேண்டாம்’ என்றதேன்?

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் பரிந்துரை. செய்தித்தாள்களில் அதைப் படித்துவிட்டு இனிப்பு மாத்திரையை அஞ்சி எறிந்தவர்களும் உண்டு. அந்தப் பரிந்துரையின் அடிப்படையைப் புரிந்துகொண்டால் அச்சம் தேவையில்லை என்பது விளங்கும்.

நிறுவனம் இருவகை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மேலே நாம் கண்டவைபோல், ஆய்வாளர்களே குழுக்களைப் பிரித்து நடத்திய ஆய்வுகள் ஒரு வகை. இவற்றில் இனிப்பூட்டி பயன்படுத்தியோரின் எடை சராசரியாக 0.7 கிலோ குறைவாக இருந்தது. ஆனால் பெரும்பாலானவை சில மாதங்களே நடந்தவை. மக்களின் வழக்கத்தை மாற்றாமல் பல ஆண்டுகள் கவனித்து மட்டும் வந்த ஆய்வுகள் இன்னொரு வகை. இவற்றில் இனிப்பூட்டி அதிகம் பயன்படுத்தியோருக்கு உடற்பருமன், இரண்டாம் வகை நீரிழிவு, இதய நோய் ஆகியவை அதிகமாகக் காணப்பட்டன.

இந்த இரண்டாம் வகை ஆய்வில் ஒரு சிக்கல் இருக்கிறது. மழை நாளில் தெருவில் குடைகள் பெருகியிருக்கும். அதனால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதுபோல, எடை கூடிக்கொண்டே போவதைக் கண்டவர்களும் குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்களும்தாம் டயட் பானத்தை அதிகம் நாடுகிறார்கள். நோய்க்கான வாய்ப்பு முன்பே இருந்ததா, இனிப்பூட்டியால் வந்ததா என்பதை இத்தகைய ஆய்வால் முழுமையாகப் பிரித்துக் காட்ட இயலாது. இதை உணர்ந்தே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை ‘நிபந்தனைக்குட்பட்டது’ என்று வகைப்படுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்றும், சர்க்கரை ஆல்கஹால்கள் அதில் அடங்கா என்றும் அந்த ஆவணமே கூறுகிறது.

ஆகவே அந்த அறிவுரையின் சாரம், நீண்டகாலத்தில் எடையைக் குறைத்து வைத்திருக்க இனிப்பூட்டியை மட்டும் நம்பாதீர்கள் என்பதாகும். சர்க்கரையைப் படிப்படியாகக் குறைக்கும் காலத்தில் அதை ஊன்றுகோலாகக் கொள்வதற்கு அது தடை இல்லை.

‘சர்க்கரை இல்லாத’ மைசூர்பாகு

பண்டிகைக் காலத்தில் கடைகளில் ‘சர்க்கரை இல்லாத’ இனிப்புகள் தனி அடுக்கில் வைக்கப்படுகின்றன. நோயாளியைப் பார்க்க வரும் உறவினர்கள் அன்போடு வாங்கி வருவதும் இவற்றையே. இவற்றின் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

40 கிராம் மைசூர்பாகு ஒரு துண்டில் 14 கிராம் நெய், 18 கிராம் சர்க்கரை, 8 கிராம் கடலைமாவு இருப்பதாகக் கொள்வோம். நெய்யால் 126 கலோரி, சர்க்கரையால் 72, மாவால் ஏறத்தாழ 30, மொத்தம் 228. சர்க்கரைக்குப் பதில் அதே 18 கிராம் மால்டிட்டால் சேர்த்தால் 72 என்பது 38 ஆகும்; மொத்தம் 194. குறைந்தது 34 கலோரி மட்டுமே. பெரும்பங்கு கலோரி நெய்யில் இருந்தது. அது அப்படியே இருக்கிறது. ‘இதில்தான் சர்க்கரை இல்லையே’ என்று ஒன்றுக்கு இரண்டாக உண்டால் 388 கலோரி. சாதாரண மைசூர்பாகு ஒன்றை உண்பதைவிட இது அதிகம். மால்டிட்டால் இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும் என்பதால் நீரிழிவு உள்ளவர்களும் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சர்க்கரை ஆல்கஹாலின் மற்றொரு விளைவு வயிற்றில் தெரியும். சிறுகுடல் இதை முழுமையாக உறிஞ்சுவதில்லை. எஞ்சியது குடலுக்குள் நீரை இழுக்கிறது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. சில மணி நேரத்தில் வயிற்று உப்புசமும் இரைச்சலும், அளவு கூடினால் வயிற்றுப்போக்கும் வரும். சார்பிட்டாலைப் பொறுத்தவரை நாளொன்றுக்கு 20 கிராமைத் தாண்டும்போதே பலருக்கு இது நேர்கிறது. எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு இன்னும் குறைந்த அளவிலேயே நேரும்.

இங்கே ஒரு குழப்பத்தைக் குறிப்பிட விரும்புகிறோம். மெட்ஃபார்மின் மாத்திரையும் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்குவது உண்டு. ஆகவே, சர்க்கரை இல்லாத இனிப்புகளால் வயிறு கெட்டபோது மாத்திரையின் மேல் பழி விழுந்து, நோயாளி அதைத் தாமாகவே நிறுத்திவிடும் அபாயம் இருக்கிறது. தெரிந்துகொள்ள வழி எளிது. சர்க்கரை ஆல்கஹால் சேர்ந்த பண்டங்களை இரண்டு மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால் காரணம் அதுவே. நிற்காவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். உறையின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலில் 420 என்ற எண் சார்பிட்டாலையும், 965 மால்டிட்டாலையும், 967 சைலிட்டாலையும், 968 எரித்ரிட்டாலையும் குறிக்கும்.

எரித்ரிட்டால் பற்றித் தனியே ஒரு சொல். கலோரி மிகக் குறைவு, வயிற்றுக்கும் தொல்லை குறைவு என்பதால் எடைக் குறைப்புக்கான பொருள்களில் இது பெருகிவருகிறது. 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் மருத்துவமனை ஆய்வாளர்கள், இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக நேர்ந்ததைக் கண்டார்கள். எரித்ரிட்டாலை நம் உடலும் சிறிதளவு தயாரிப்பதால், அந்த அளவு உணவிலிருந்து வந்ததா, உடலின் கோளாற்றைக் காட்டும் அடையாளமா என்பது அதில் தெளிவாகவில்லை. ஆனால் 30 கிராம் எரித்ரிட்டால் கலந்த பானத்தை நலமுள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தம் உறைவதற்குத் துணைசெய்யும் தட்டணுக்கள் முன்பைவிட எளிதில் தூண்டப்பட்டதை அடுத்த ஆண்டில் அதே குழு காட்டியது. இது இறுதித் தீர்ப்பு அன்று. ஆயினும் மாரடைப்பு வந்தவர்களும், இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தியவர்களும், பக்கவாதம் கண்டவர்களும் எரித்ரிட்டாலைக் கிராம் கணக்கில் அன்றாடம் உண்பதைத் தவிர்ப்பது நல்லது என்று நாங்கள் கருதுகிறோம்.

அஸ்பார்டேமும் புற்றுநோய் அச்சமும்

2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்’ என்ற பிரிவில் சேர்த்தது. சான்று மட்டுப்பட்டதாக இருக்கும்போது பயன்படுத்தப்படும் பிரிவு அது. எவ்வளவு உண்டால் ஆபத்து என்பதை அது சொல்வதில்லை. அதே நாளில், அளவைக் குறித்து முடிவு சொல்லும் மற்றொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது.

70 கிலோ எடையுள்ளவருக்கு அந்த வரம்பு 2,800 மில்லிகிராம். டயட் பானக் குப்பி ஒன்றில் 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும் எனக் கொண்டால், நாள்தோறும் 9 முதல் 14 குப்பிக்கு மேல் குடித்தால்தான் வரம்பு மீறும். இனிப்பு மாத்திரையிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம்தான் இருக்கும். நான்கு குவளைக் காபிக்கு எட்டு மாத்திரை போட்டாலும் 160 மில்லிகிராமைத் தாண்டாது. பீனைல்கீட்டோன்யூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமை முற்றாகத் தவிர்க்க வேண்டும். நீண்ட நேரச் சூட்டில் இதன் இனிப்பு குறைந்துவிடும் என்பதால் பாயசம், கேசரி போன்றவற்றில் வேகும்போது சேர்க்காமல் இறக்கிய பின் சேர்ப்பது நலம்.

இதை மட்டும் வீட்டார் அனைவரும் அறிந்திருங்கள்

இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாறும் பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். அந்த நேரத்தில் டயட் பானமோ இனிப்பு மாத்திரை கலந்த நீரோ கொடுத்தால் நாக்கு இனிக்குமே தவிர இரத்தச் சர்க்கரை ஏறாது. உயிருக்கு ஆபத்தான தாமதம் நேரும். விழிப்போடு விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி உண்மையான சர்க்கரையை நீரில் கரைத்தோ, சாதாரணக் குளிர்பானம் 150 மில்லியோ கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, இன்னும் தாழ்ந்தே இருந்தால் மீண்டும் அதே அளவு கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் அனைவரும் மாற்று இனிப்புக்கு மாறிவிட்டாலும், ஒரு சிறு டப்பாவில் சர்க்கரையோ குளுக்கோஸோ நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இத்தகைய மருந்து எடுத்துக்கொண்டே நாளொன்றுக்கு 70 கிராம் அளவிலான சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த எண்ணுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கலாம்.

நான்கு வாரச் சோதனை

மாற்று இனிப்பு உங்களுக்குப் பயன்படுகிறதா என்பதை நீங்களே அறிய ஒரு வழியைப் பரிந்துரைக்கிறோம். முதலில் மூன்று நாள், எதையும் மாற்றாமல், உண்பதையும் குடிப்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை கரண்டிச் சர்க்கரை என்பதையும் குறியுங்கள். மூன்று நாளில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். பின்னர் பானங்களில் மட்டும் சர்க்கரையை மாற்றுங்கள். பிஸ்கட், சாக்லேட், இனிப்புப் பண்டம் ஆகியவற்றில் ‘சர்க்கரை இல்லாத’ வகைகளைப் புதிதாக வாங்காதீர்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இடுப்புச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளங்கள். ஒரு நாள் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் உடல்நீரால் வருவது. நான்கு அளவுகளின் போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

நான்காம் வாரத்தில் மீண்டும் மூன்று நாள் உணவை எழுதி, முதல் பதிவோடு ஒப்பிடுங்கள். எடை நகரவில்லையென்றால் பெரும்பாலும் அந்த ஒப்பீடே காரணத்தைக் காட்டிவிடும்: புதிதாக நுழைந்த வடை, கூடுதலான ஒரு கரண்டிச் சோறு, இரவில் ஒரு பிடி மிக்சர். தொடக்கத்திலேயே நாளொன்றுக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரைதான் இருந்தது என்று பதிவு காட்டினால், மாற்று இனிப்பால் பெரிய பலன் வர வழியில்லை. எண்ணெயிலும் சோற்றின் அளவிலும்தான் குறைக்க வேண்டியிருக்கும். எடை இறங்கினால் இரு வாரத்திற்கு ஒருமுறை மாத்திரையையும் ஒன்றொன்றாகக் குறைத்துப் பாருங்கள். குறைந்த இனிப்புக்கு நாக்கு மெல்லப் பழகிக்கொள்வதைப் பலரிடம் காண்கிறோம்.

அடுத்த ஆலோசனைக்கு வரும்போது அந்த நோட்டையும், வீட்டில் பயன்படுத்தும் இனிப்பூட்டியின் உறையையும் கொண்டுவாருங்கள். அவை இரண்டும் கையில் இருந்தால், உங்களுக்கு எது பொருந்தும் என்பதைப் பொதுவாக இல்லாமல் உங்கள் கணக்கைக் கொண்டே எங்களால் சொல்ல இயலும்.